எட்டில் ஐந்து பங்கு அம்மா

66 வயது அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷன், நான்கு நாள் ஆஸ்பத்திரி, 3 லட்சம் பில். பாலிசி 5 லட்சத்துக்கு. மகன் நிம்மதியாக இருந்தான். பாவம், பாலிசியில் முதல் பக்கம் மட்டும் படித்தவன். நாம் மட்டும் என்ன, இரண்டாம் பக்கம் புரட்டினோமா?

அங்கே ஒரு வரி: அறை வாடகை நாளுக்கு 5 லட்சத்தில் ஒரு சதவீதம். அதாவது 5,000. அந்த வாடகைக்கு அறை காலியில்லை என்றார்கள். என்றைக்குத்தான் காலியாக இருந்திருக்கிறது? 8,000 ரூபாய் அறையில் சேர்த்தான். நான்கு நாளுக்கு 12,000 கூடுதல்தானே, கைக்காசைக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

கம்பெனி வேறு கணக்கு வைத்திருந்தது. பெயர், விகிதாசாரக் கழிவு. அறைக்கு எட்டில் ஐந்து பங்குதான் அனுமதி. ஆகவே சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றுக்கும் எட்டில் ஐந்து பங்குதான். இந்த வகையில் வந்த 1,60,000, ஒரு லட்சமாகச் சுருங்கியது. ஆபரேஷன் நடந்தபோது அந்த அறையில் இருந்தது அம்மாவின் செருப்பு மட்டும். அதற்கு 60,000!

கம்பெனி சொல்லும் நியாயம்: வாடகை ஏறினால் அதே கத்திக்கும் ஆஸ்பத்திரி கூடுதல் விலை போடுகிறது. உண்மைதான். கொள்ளையடிப்பது ஒருவர், அதைக் காட்டி வெட்டுவது இன்னொருவர். பணம் கட்டுவது மட்டும் நாம்.

அடுத்து, 20,000 ரூபாய்க்கு 'விலக்கப்பட்ட பொருள்கள்'. கையுறை, டயப்பர், தெர்மாமீட்டர் இத்யாதி. சர்ஜன் வெறுங்கையோடு வந்திருந்தால் கம்பெனிக்குச் சந்தோஷம்.

எஞ்சியது அறைக்கு 20,000, ஆபரேஷனுக்கு 1 லட்சம், மருந்துக்கும் பரிசோதனைக்கும் 88,000. ஆக 2,08,000. அப்பாடா என்றால், கோ-பே 20 சதவீதம். வெட்டி மிஞ்சியதிலும் 41,600 போயிற்று. கம்பெனி தந்தது 1,66,400. குடும்பம் கட்டியது 1,33,600.

இதுவே சண்டை போட்டு வாங்கிய தொகை. முதலில் வந்த தாளில் மருந்து, பரிசோதனைத் தொகையையும் எட்டில் ஐந்தாக்கி 33,000 வெட்டியிருந்தார்கள். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் சாதனம், ஐசியூ கட்டணம் எதிலும் இந்த விகிதத்தைப் போடக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. அறைக்கு அறை கட்டணம் மாற்றாத ஆஸ்பத்திரியில் விகிதமே கிடையாது. மகன் இதை எழுதிக் கேட்டான். 'கணினிக் கோளாறு' என்று திருத்தினார்கள். கேட்காதவன் தாளில் கோளாறு அப்படியே இருக்கும்.

மறுநாள் குறுஞ்செய்தி: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

முழுதாக ஐந்து தருவதாக இருந்தான். எட்டில் ஐந்து பங்காக்கி, அதில் 20 சதவீதம் கழித்து, இரண்டரை போட்டான்.