முப்பதே நாளில் மூக்கின்மேல் விரல்

இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தும் கடையத்தில் வேலையில்லாமல் இருந்தவர்களில் பெரிய பெயர் பாரதியார். 1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தவர், மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர் என்று இங்கே வந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் தங்கினார். இங்கிலீஷில் கட்டுரை எழுதத் தெரிந்த மனுஷன். அதனால் என்ன ஆயிற்று? 1920-இல் சென்னைக்குத் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது சுதேசமித்திரன் வேலை. அதுவும் தமிழ்ப் பத்திரிகை. அன்றைக்கு நம்ம ஊரில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் இல்லாமல் போனதுதான் அவர் செய்த பாவம். இருந்திருந்தால் முப்பதே நாளில் ஆளைத் தேற்றி, கோட்டு மாட்டிவிட்டு, வேலையும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். இப்போது ஒரு சென்டர் வந்து அந்தக் குறை தீர்ந்துவிட்டது. பிராயச்சித்தமாக, நோட்டீஸின் மூலையில் அவருடைய முண்டாசுப் படத்தையும் போட்டிருக்கிறார்கள்.

சென்டரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு யாருடைய உதவியும் தேவைப்படுவதில்லை.

அவர்களுடைய திறமையில் எனக்கு மிகவும் பிடித்தது ‘முன்பு – பின்பு’ வீடியோ. எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஓர் அம்மாவின் மகள்தான் அதில் நாயகி. பி.காம். முடித்த பிள்ளை. முதல் நாள் என்று போட்டு, கறுப்பு வெள்ளையில், சோகமான வயலின் பின்னணியில் அவளைக் காட்டுகிறார்கள். ‘டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்’ என்று ஒரு குரல் கேட்கிறது. அவள் விழிக்கிறாள், துப்பட்டாவைத் திருகுகிறாள், ‘மை... மை நேம்...’ என்று நிறுத்துகிறாள். திரை வெளுக்கிறது. முப்பதாம் நாள்! கலர் வந்துவிட்டது, வயலின் போய் டிரம்ஸ் வந்துவிட்டது, அவள் மேல் ஒரு கோட்டும் வந்துவிட்டது. நாற்பது விநாடி மூச்சுவிடாமல் ஊர், அப்பா, அம்மா, படிப்பு, பொழுதுபோக்கு, பலம், பலவீனம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறாள். பலவீனம் என்ன தெரியுமா? அளவுக்கு மீறி உழைப்பதாம். அந்த வகுப்பில் படித்த எல்லாருக்கும் அதே பலவீனம்தான்.

இரண்டு காட்சியிலும் அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. இரண்டிலும் ஒரே தேதி. பொறாமைக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, ‘முன்பு’ என்பதைப் பின்னால்தான் எடுத்திருக்கிறார்கள் என்று பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது நாள் முன்னேற்றத்தை ஒரே பிற்பகலில் முடித்துக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

வேகம் என்றால் சும்மா வேகமில்லை. உலகமெங்கும் இங்கிலீஷ் பரீட்சை நடத்துகிற கேம்பிரிட்ஜ்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு. கடை கண்ணியில் விலை கேட்பது, வழி சொல்வது என்று சின்னச் சின்ன விஷயங்களைச் சமாளிக்கிற ஏ2 நிலைக்கு வர, ஆசிரியர் துணையோடு ஏறத்தாழ 180 முதல் 200 மணி நேரம். தெரிந்த விஷயத்தைப் பற்றித் தானாக நாலு வார்த்தை கோத்துப் பேசும் பி1 நிலைக்கு, தொடக்கத்திலிருந்து எண்ணினால் 350 முதல் 400 மணி. வாடிக்கையாளர் கோபமாகப் பேசினாலும் ஈடுகொடுக்கும் பி2-க்கு 500 முதல் 600. நம்மவர்கள் நாளுக்கு ஒரு மணி வீதம் முப்பது நாள் நடத்துகிறார்கள். அதில் நாலு ஞாயிறு லீவு. மிச்சம் 26 மணி. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷைக் கணக்கில் சேர்த்து எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும், கேம்பிரிட்ஜ்காரர்கள் இத்தனை காலம் எவ்வளவு நேரத்தை வீணாக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அடுத்தது, ‘100% வேலை உறுதி’. அந்த உறுதியின் தலையில் எள்ளளவில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு விளக்கம் நோட்டீஸின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருக்கிறது. நோட்டீஸ் முழுக்கத் தமிழ், அந்த ஒரு வரி மட்டும் இங்கிலீஷ். பலன் ஆளுக்கு ஆள் மாறும், வேலை கிடைப்பது கம்பெனியின் முடிவு, கட்டிய பணம் திரும்பாது என்பது அதன் சாரம். இதை மோசடி என்று சொல்லுகிறவர்களுக்குக் கல்வி பற்றி ஒன்றும் தெரியாது. அதுதான் சென்டரின் நுழைவுத் தேர்வு. அந்த வரியைப் படித்துப் புரிந்துகொள்கிறவனுக்கு இந்த வகுப்பு வேண்டாம். படிக்கத் தெரியாதவன் எவனோ அவனே தகுதியான மாணவன்.

டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த நகைச்சுவை எட்டவில்லை. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விளம்பர விதிகளில், பொறுப்புத் துறப்பு எந்த மொழியில் விளம்பரம் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும், எழுத்தும் அதே எழுத்தாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட 2019 சட்டத்தில் இடமிருக்கிறது. போதாக்குறைக்கு 2024 நவம்பரில் கோச்சிங் சென்டர்களுக்கென்றே தனியாக ஒன்று வந்தது. தேறிய பிள்ளையின் படத்தையோ பேச்சையோ போட வேண்டுமென்றால், அவர் தேறிய பிறகு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டுமாம். நம்மவர்கள் முன்யோசனைக்காரர்கள், சேர்க்கை விண்ணப்பத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பிள்ளை தேறும் என்பதில் அவ்வளவு நம்பிக்கை! ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் இடத்துக்குத்தான் அந்த விதி என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. நோட்டீஸில் பத்தாயிரம் மாணவர்கள். விதியைப் பற்றிக் கேட்டால் ரிஜிஸ்டரில் 49 பேர். எண்ணிலும் இலக்கணத்திலும் இப்படி வளைந்து கொடுக்கிறவர்கள்தான் மொழி சொல்லித்தர ஏற்றவர்கள்.

எங்கள் தெருப் பிள்ளை சென்னைக்கு ஒரு வாய்ஸ் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டரே கேள்வி கேட்கிற பரீட்சை, வெர்சன்ட் என்று பெயர். ஹெட்போனில் ஒரு வாக்கியம் ஒரே தடவை கேட்கும், அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வார்த்தைகளைக் கலைத்துப் போட்டுச் சொல்லும், ஒழுங்காகக் கோக்க வேண்டும். சின்னக் கதை ஒன்று சொல்லும், நம் வார்த்தையில் அதை மறுபடி சொல்ல வேண்டும். மொத்தம் கால்மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். அவளுடைய பலவீனம் என்ன என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவேயில்லை. அளவுக்கு மீறி உழைப்பேன் என்ற அந்த அருமையான பதில் வாயிலேயே நின்றுவிட்டது. இதில் சென்டரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கம்பெனிக்காரன் தப்பான கேள்வி கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

‘வீடியோல எம்மா நல்லா பேசுதா! இன்டர்வியூல மட்டும் ஏன்லா வாயே வரலன்னு சொல்லுதா?’ என்று அவள் அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

‘அது மனப்பாடம் பண்ணுனதுல்லா, மதினி’ என்றேன்.

‘மனப்பாடத்துக்கா இம்புட்டு ரூவா வாங்குனானுவ?’

தவணையில் வாங்கினார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

இவர்களோடு ஒப்பிட்டு, ஊருக்குள்ளேயே வீட்டுத் திண்ணையில் வகுப்பெடுக்கும் ஒரு டீச்சரம்மாவை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. பிழைக்கத் தெரியாத ஜென்மம். சேர்ந்த அன்று ஒவ்வொருவரையும் போனில் இரண்டு நிமிஷம் பேசவைத்துப் பதிவு செய்கிறார். வயலின் கிடையாது, வெட்டு ஒட்டு கிடையாது. நாலு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பதிவு. அதிலும் போன தடவை கேட்ட கேள்வியைக் கேட்கிறாரா என்றால் இல்லை, ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி. பழைய கேள்வியையே கேட்டால் முன்னேறியது பிள்ளையா மனப்பாடமா என்று தெரியாதாம். பேச்சின் நடுவில் வேண்டுமென்றே குறுக்கிட்டு வேறொன்றைக் கேட்பார். புரியாவிட்டால் தலையாட்டிச் சமாளிக்கிறார்களா, ‘இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று இங்கிலீஷில் கேட்கிறார்களா என்பதைத்தான் கவனிப்பார். அப்படிக் கேட்க வந்துவிட்டால் அதுதான் முதல் முன்னேற்றமாம்! வார்த்தைக்கு வார்த்தை எவ்வளவு நேரம் நின்று யோசிக்கிறார்கள் என்பதையும் குறித்து வைப்பார். இதையெல்லாம் வைத்து யார் ரீல்ஸ் போடுவது?

ஆனாலும் போடுகிறார். சம்மதம் சொன்னவர்களுடையது எல்லாவற்றையும், மூன்று மாசத்துக்குப் பிறகும் தடுமாறுகிற பையனுடையது உட்பட. அதன் கீழே, இவர் வாரத்தில் பாதி நாள் வரவில்லை, வந்தவரைக்கும் இவ்வளவு என்று தமிழில், பெரிய எழுத்தில், எழுதுகிறார். விளம்பரத்தில் யாராவது இப்படி உண்மையைக் கொட்டுவார்களா?

வேலை பற்றிக் கேட்டாலும் அப்படித்தான். மூன்று மாசம் விடாமல் வந்தால், குற்றாலத்தில் சீசன் நேரம் லாட்ஜ் ரிசப்ஷனில் நிற்கலாம். அறை வாடகை, வெந்நீர் எத்தனை மணிக்கு, எப்போது காலி செய்ய வேண்டும், அருவியில் குளிக்க இன்று அனுமதி உண்டா, இதையெல்லாம் போனிலும் நேரிலும் சமாளிக்கலாம். வாய்ஸ் கம்பெனிக்கு அது போதாது, அதற்கு ஒரு வருஷமாவது வேண்டும், வீட்டில் தினம் அரை மணி காதில் கேட்க வேண்டும் என்கிறார். எழுத்தில் கணக்கு வழக்குப் பார்க்கும் வேலைதான் உங்கள் குறி என்றால் பேச்சு வகுப்பே வேண்டாம், போய் டேலி படியுங்கள் என்று ஒரு பையனைத் திருப்பி அனுப்பினார். கட்டத் தயாராக வந்த பணத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு தலைக்கனம் வேண்டும்! இதனால்தான் அவர் திண்ணையில் பதினொரு பேரும், சென்டரில் பத்தாயிரம் பேரும் (அல்லது 49 பேரும்) படிக்கிறார்கள்.

சென்டரில் சேரப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அவர்கள் மென்மையான மனசுக்காரர்கள், சில விஷயங்களைக் கேட்டுப் புண்படுத்திவிடாதீர்கள். வீடியோவில் பேசும் பிள்ளையிடம் நாங்களே ஒரு கேள்வி கேட்கலாமா என்று கேட்காதீர்கள். போன பேட்சில் சேர்ந்தது எத்தனை பேர், முடித்தது எத்தனை பேர், எந்தக் கம்பெனியில் என்ன சம்பளத்துக்கு இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். நட்சத்திரத்தின் விளக்கத்தைத் தமிழில் எழுதி, சீல் வைத்துத் தாருங்கள் என்று மட்டும் தப்பித்தவறியும் கேட்டுவிடாதீர்கள். போன வாரம் ஆழ்வார்குறிச்சிப் பையன் ஒருவன் கேட்டிருக்கிறான். கவுன்ட்டரில் இருந்தவர் அவனிடம் ஒரு வார்த்தைகூட இங்கிலீஷில் பேசவில்லையாம்.