கணக்கு யார் வசம்?

வரவு செலவு எழுதும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதே வேலையைச் செய்யும் செயலிக்குக் காசு கேட்டால் யார் கொடுப்பார்? (ஒரு வாசகர், நாயுடுபுரம்)

இலவசம் சரி, கணக்கு யார் வசம்?

அமெரிக்காவின் மின்ட் செயலியும் இலவசமாகத்தான் இருந்தது. கடன் அட்டைகளைப் பரிந்துரைத்துச் சம்பாதித்தது. 2009-இல் அதை இன்ட்யூட் நிறுவனம் வாங்கியது, 2024 மார்ச்சில் மூடியது. 2004-இல் ஜெஸ்ஸி மீக்கம் தன் வீட்டுச் செலவுக்குப் போட்ட கணக்குத்தாளிலிருந்து பிறந்த ஒய்நாப் செயலியோ, ஆண்டுக்கு நூறு டாலருக்கு மேல் வாங்கியும் நிற்கிறது.

அது வசதிகளின் பட்டியலை நம்பி நிற்கவில்லை. கைக்கு வரும் ஒவ்வொரு டாலருக்கும் முன்கூட்டியே ஒரு வேலையை ஒதுக்கும் பழக்கத்தை விற்றது. பார்த்து முடிவு செய்ய 34 நாள் இலவசம். அதற்குள் ஒரு முழு மாதம் கடந்து, அடுத்த சம்பளத்தையும் பிரித்துப் பார்த்துவிடலாம். வசதிகளை எவரும் நகலெடுப்பார். ஒரு மாதப் பழக்கத்தை நகலெடுக்க முடியாது.

இங்கே புதிதாகத் தொடங்குபவர் விளம்பரத்தின் முதல் வரியிலேயே 'கடன் விற்கமாட்டோம்' என்று எழுதி, அதைக் காப்பாற்ற வேண்டும். ஏனென்றால், வங்கிக் குறுஞ்செய்திகளைப் படித்துச் செலவைக் காட்டிய வால்நட் செயலியும் இலவசமாகத்தான் இருந்தது. 2018-இல் அதை வாங்கியது கேபிடல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம்.