கீழ்க்காணும் பாத்திரங்கள்

எங்கள் ஊர்க் கலைக் கழகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. கழகத்தின் பெயர் வேண்டாம், செயலாளர் வீடு என் வீட்டுக்கு ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான். ஆண்டு விழாவுக்கு ஒரு கதை எழுதித் தர வேண்டுமாம், அதை நாடகமாக்கிப் போடுவார்களாம். கடிதத்தின் கடைசி வரி இது: "கீழ்க்காணும் பாத்திரங்களின் பெயர்களும் குணங்களும் எக்காரணம் கொண்டும் மாறாதவாறு கதை அமைதல் வேண்டும்."

கீழே பார்த்தேன். "இங்ஙனம்" இருந்தது. செயலாளரின் கையெழுத்தும், அதன் மேல் பாதி ஏறிய ஊதா முத்திரையும் இருந்தன. அதற்கும் கீழே, பிரதி: தலைவர், பொருளாளர், கோவை. பாத்திரம் ஒன்றையும் காணோம். பொருளாளரையே பாத்திரமாக வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவருக்குக் குணங்கள் உண்டு, ஆனால் எழுத முடியாது.

இப்படிப்பட்ட கடிதங்களோடு பழகியவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, பட்டியல் தொலைந்ததா, பிறக்கவே இல்லையா என்பது. தொலைந்ததென்றால் தடயம் இருக்கும். இடது மூலையில் பின் அடித்துக் கழற்றிய இரண்டு துளை இருக்கும். "இணைப்பு: 01" என்று ஓரத்தில் எழுதியிருப்பார்கள். இரண்டாம் பக்கம் போட்டோகொப்பிக் கடைக் கண்ணாடியிலேயே கிடந்து, அடுத்து வந்தவரின் காணி உறுதியோடு சேர்ந்து போயிருக்கும். என் கடிதத்தில் துளை இல்லை, இணைப்பு இல்லை. ஆனால் ஆண்டு மட்டும் வெள்ளை மை பூசித் திருத்தப்பட்டிருந்தது. விஷயம் விளங்கிவிட்டது: போன வருடம் வேறு யாருக்கோ போன கடிதத்தின் மேற்பாதி இது. கீழ்ப்பாதியை, பழைய பெயர்கள் வேண்டாமென்று வெட்டிவிட்டார்கள். புதியதைச் சேர்க்க வேண்டியவர் தேநீர் குடிக்கப் போயிருக்க வேண்டும்.

போன் எடுத்தேன்.

"தம்பி, பாத்திரங்கள் கீழே எண்டு போட்டிருக்கு, கீழே ஒண்டும் இல்லையே?"

"இருக்கும் சேர், வடிவாப் பாருங்கோ."

"பார்த்தாச்சு. முத்திரைதான் இருக்கு."

"அப்ப தலைவரிட்ட இருக்கும்."

தலைவர், அது செயலாளரின் வேலை என்றார். பொருளாளர், பட்டியல் தட்டச்சுக்குக் காசு கொடுத்தது தனக்கு நல்ல நினைவு என்றார். ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் அது இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் செயலாளரே தீர்ப்புச் சொன்னார்: "நீங்க உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிப் போடுங்கோ சேர். ஆனா பெயர் மட்டும் மாறக்கூடாது."

தெரிந்த மாதிரிப் போடலாம்தான். வேறு ஊரென்றால் போட்டிருப்பேன். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி ஒரு பெயரை வைத்தால், அதற்குப் பிறகு எழுதுகிறவன் கையில் அதிகம் மிஞ்சாது. கதாநாயகனுக்கு ரவீந்திரன் என்று வைத்தால் அவன் அப்பாவை "அப்பா" என்பான். ரியாஸ் என்று வைத்தால் "வாப்பா" என்பான், வீடு கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கும், அவன் நகரத்துக்கு வரும் வழியே வேறு. அந்த வழிக்கு ஆண்டும் வேண்டும். 2009க்கு முன்னென்றால் கிண்ணியாக்காரன் பாதையில் ஏறித்தான் துறையைக் கடக்க வேண்டும். பாதை வரும்வரை கரையில் காத்து நிற்கலாம், காதலிக்கலாம், கடன்காரனிடம் மாட்டலாம். கதைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த ஆண்டில் 396 மீட்டர் நீளப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். ஊருக்குப் பெரிய நன்மை. ஆனால் மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிடத்தில் கடந்து போகிறவனை வைத்துக்கொண்டு நான் எந்தச் சந்திப்பை எழுதுவது?

தொழிலும் அப்படித்தான். மீனவன் என்று வைத்தால் எந்த மாதம் என்று கேட்பார்கள். விழா தை மாதம் என்பதற்காகக் கதையையும் அதை ஒட்டி மார்கழியில் வைத்து, வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும்போது அவனை உப்புவெளியில் கரைவலை இழுக்க விட்டால், முன்வரிசையில் இருக்கும் சம்மாட்டி எழுந்து போய்விடுவார். ஆக, "பேராசைக்காரன்" என்று பட்டியல் ஒரு சொல் தந்தால்கூடப் போதாது. எதற்கு ஆசை, யார் குறுக்கே நிற்கிறார், இருவரும் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவார்கள், இந்த மூன்றும் தெரிந்தால்தான் முதல் வசனத்தையாவது எழுத முடியும்.

பட்டியல் இல்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே கல்லில் வெட்டிய சாட்சி இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள், மான்களை விலக்கிக்கொண்டு (விலகாது, நாம்தான் விலக வேண்டும்) கோணேசர் கோயிலுக்கு ஏறினால், சுவாமி மலையில் ஒரு தூண். அதில் டச்சு மொழியில் பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் நினைவாக என்றும், 1687 ஏப்ரல் 24 என்றும் இருக்கிறது. பெயர் உண்டு, தேதி உண்டு. குணம் இல்லை, கதை இல்லை. சனம் விடுமா? அவளுக்கு ஒரு காதலனைக் கொடுத்தார்கள். அவனை அவளைக் கைவிட்டுக் கப்பலேற வைத்தார்கள். கப்பல் துறையை விட்டுப் போவதைப் பார்த்தபடி அவளை மலை உச்சியிலிருந்து குதிக்க வைத்தார்கள். இடத்துக்குக் "காதலர் பாய்ச்சல்" என்று பெயரும் வைத்தாகிவிட்டது. சுற்றுலா வழிகாட்டிகள் இன்றும் குரல் தழுதழுக்கத்தான் சொல்கிறார்கள்.

பிரான்சினா குதிக்கவில்லை. மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றி 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற பெரும் நூலைத் தொகுப்பித்த டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் வான் ரீட்டின் வளர்ப்பு மகள் அவள். தகப்பன் 1691இல் இறந்த பிறகும் உயிரோடிருந்தாள், தூணில் உள்ள தேதிக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கலியாணமும் செய்தாள் என்று டச்சு ஆவணங்கள் சொல்கின்றன. கணவனோடு குடித்தனம் நடத்திய ஒரு பெண்ணை நாங்கள் காலங்காலமாக மலையிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறோம். தூணை நட்டவர் கீழே இன்னும் இரண்டு வரி வெட்டியிருந்தால் தப்பியிருப்பாள்.

அதனால் நான் கதை எழுதவில்லை, பதில் எழுதினேன். பட்டியல் வரட்டும், வந்த பிறகு எழுதுகிறேன் என்று.

வந்தது. செயலாளரே சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். ஏழு பெயர்கள். ஏழும் நிர்வாகசபை உறுப்பினர்களின் பிள்ளைகள், நடிக்கப் போவது அவர்கள்தான். பெயருக்கு நேரே குணம்: நல்ல பிள்ளை. அடுத்தவர்: நல்ல பிள்ளை. தலைவரின் மகனுக்கு மட்டும்: மிகவும் நல்ல பிள்ளை.

"தம்பி, கெட்டவன் ஆர்?"

"எங்கட பிள்ளையள் அப்பிடி இல்லையே சேர்."

"கெட்டவன் இல்லாட்டி என்னெண்டு கதை நகரும்?"

அவர் நெடுநேரம் யோசித்தார். "வெளியால ஆரையும் எடுப்பம். ஆனா ஆக்கள் கோவிக்காத ஆளாப் பாருங்கோ."

விழா தை மாதம். திருகோணமலைப் பக்கம், கோவிக்காமல் கெட்டவனாக நடிக்கச் சம்மதிப்பவர் யாராவது இருந்தால் அறியத் தரவும். பெயரையும் குணத்தையும் தயவுசெய்து கடிதத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.