அரைப்புள்ளிச் சிவராத்திரி

காலண்டரில் இல்லாத ஒரு சிவராத்திரி என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு வந்தது. விடிந்தால் சி லேப். ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

```c
for (i = 0; i < 5; i++);
{
    total = total + mark[i];
}
```

முதல் வரியின் கடைசியில் ஒரு செமிகோலன் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய லேபில் செமிகோலன் போடாமல் திட்டு வாங்கியவன், இந்தத் தடவை வம்பே வேண்டாமென்று கண்ட இடத்திலெல்லாம் போட்டுவிட்டான்.

கம்பைலர் வாயே திறக்கவில்லை. மொத்தம் 32764 என்று வந்தது. ஐந்து பாடத்துக்கும் நூற்றுக்கு நூறு வாங்கினாலே 500தான். மறுபடி ஓட்டினால் வேறொரு எண். `int` போதவில்லை போலிருக்கிறது என்று `long` ஆக்கினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். பிறகு லூப்புக்குள் ஒரு `printf` வைத்து `i`-யைக் காட்டச் சொன்னான். ஒரே ஒரு வரி வந்தது: 5. வரம்பை 3 ஆக்கினால் 3. பத்து ஆக்கினால் 10.

என்னை உலுக்கி எழுப்பினான். “டேய், நான் எங்கே நிறுத்தச் சொல்றேனோ, இது அங்கேதான்டா ஆரம்பிக்குது!”

விடை அந்தப் புலம்பலிலேயே இருந்தது. தூக்கக் கலக்கத்தில் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

விடியற்காலையில் பல்லில் பிரஷ்ஷோடு வந்த சீனியர் திரையை எட்டிப் பார்த்தார். “லூப் சரியாத்தான் ஓடியிருக்கு தம்பி. அஞ்சு தடவை ஓடி, அஞ்சு தடவையும் ஒண்ணும் செய்யலை.”

வெறும் செமிகோலனும் சி மொழியில் ஒரு முழுக் கட்டளைதான். ‘சும்மா இரு’ என்று அர்த்தம். லூப் அதையே சுற்றிச் சுற்றிச் செய்துவிட்டு, `i` ஐந்தானதும் நின்றது. கீழேயிருந்த அடைப்புக்குறிப் பகுதி லூப்புக்குச் சொந்தமில்லாமல் ஒரே ஒரு முறை ஓடி, `mark[5]`-ஐ எடுத்தது. பட்டியலோ `mark[4]`-ஓடு முடிந்துவிடும். அதற்கப்பால் நினைவகத்தில் கிடந்த குப்பைதான் 32764. வேண்டுமென்றே காலி லூப் எழுதுபவர்களும் உண்டு என்பதால், கம்பைலர் இதைப் பிழையென்று தடுப்பதில்லை.

“`for (int i = 0;` என்று லூப்பிலேயே `i`-யை அறிவித்திருந்தால், லூப் முடிந்ததும் `i` செத்திருக்கும். ‘யார் இந்த i?’ என்று கம்பைலரே கத்தியிருக்கும். நீ தூங்கியிருப்பாய்,” என்றார் சீனியர். நம் ஆள்தான் நோட்டில் இருந்தபடி `i`-யை மேலேயே அறிவித்திருந்தானே!

இனி லூப்பின் அடைப்புக்குறி மூடிய இடத்தில் செமிகோலனே வைப்பதில்லை என்று அன்றைக்கே சபதம் எடுத்தான். அடுத்த லேபில் வந்தது `do-while`. அதில் `while (...)` முடிந்ததும் செமிகோலன் வைத்தே ஆக வேண்டும்.