காண்டாமிருகச் சில்லறை

போன வாரம் ஆட்டோவிலிருந்து இறங்கி, ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தேன். கம்பியில் தொங்கிய குட்டிப் பெட்டி, நான் கொடுத்த தொகையைத் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தது. டிரைவர் அலுத்துக்கொண்டார். பணம் விழுந்தால் வீட்டம்மாவின் போனிலும் மெசேஜ் வருகிறதாம். வழியில் ஒரு டீக்குக் கணக்கு மறைக்க முடியவில்லையாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு 1997-ஆம் வருடத்துச் சைதாப்பேட்டை ஞாபகம் வந்தது. பொதுக் குழாயும் எட்டுக் குடித்தனமுமாக நாங்கள் இருந்த ஸ்டோர் வீடு. அங்கே ராத்திரி எட்டரை மணிக்கு முறத்தில் சில்லறை கொட்டுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் எங்களோடு குடியிருந்த ஆட்டோக்காரர் வீடு திரும்பிவிட்டார் என்று அர்த்தம்.

பன்னிரண்டு கேட்டு, பத்துக்கு மறுத்து, பதினொன்றில் பேரம் படிகிற காலம் அது. வண்டி அவருடையதில்லை, நாள் வாடகை. நோட்டாக வந்ததை பெட்ரோல் பங்க்கும் வண்டி முதலாளியும் வாங்கிக்கொள்வார்கள். அரிசிக்கு ஒன்றிரண்டு நோட்டு மிஞ்சும். காக்கிச் சட்டைப் பையின் அடியில் தங்குகிற சில்லறைதான் ஆட்டோக்காரரின் மனைவியின், நான் அக்கா என்று கூப்பிட்டவரின், ராஜ்ஜியம். அவர்கள் பெண் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். செமஸ்டர் பரீட்சைக்கு பேப்பருக்கு இவ்வளவு, விண்ணப்பத்துக்கு இவ்வளவு, மார்க் பட்டியலுக்கு இவ்வளவு என்று எல்லாம் சேர்ந்து 168 ரூபாய். கடைசித் தேதி தவறினால் அபராதம் தனி.

அக்கா எண்ணுவதைப் பார்ப்பதற்காகவே நான் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். பழைய ஒரு ரூபாய் கொஞ்சம் பெரிது, புதிதாக வந்த எவர்சில்வர் ரூபாய் சின்னது. இரண்டையும் கலந்து அடுக்கினால் சரிந்துவிடும் என்பதால் தனித்தனி அடுக்கு. காண்டாமிருகம் போட்ட நாலணாவை நாலு நாலாகத் தள்ளுவார். பத்து ரூபாய் சேர்ந்ததும், அன்றைக்குக் கிழித்த தினசரிக் காலண்டர் தாளில் சுருட்டி, இரண்டு முனையையும் மடக்கி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவார். தேதியைப் பார்த்தாலே எந்த நாள் சவாரி என்று தெரிந்துவிடும். கிளட்ச் ஒயர் அறுந்த இரண்டு நாட்களுக்குச் சுருள் கிடையாது.

கல்லூரியில் பணம் வாங்குகிறவர் சில்லறையைத் தொடமாட்டார் என்று பெண் சொல்லிவிட்டாள். “தம்பி, ஆபீஸ் போற வழியில மாத்திக் குடுக்கிறீங்களா?” என்று பத்துச் சுருளை அக்கா என்னிடம் நீட்டினார். ஊரெல்லாம் சில்லறைப் பஞ்சம், பாக்கிக்கு பதில் மிட்டாய் தருகிற நாட்கள். டீக்கடைக்காரர் முகம் மலர்ந்து 105 ரூபாய் தந்தார்; நூற்றுக்கு ஐந்து கமிஷன் என்பது எழுதாத சட்டம். நூறை அக்காவிடம் சேர்த்துவிட்டேன். ஐந்து இரண்டு டீயும் ஒரு வடையுமாக என்னிடமே சேர்ந்தது. ஓர் ஏழைப் பெண்ணின் படிப்புக்கு உதவிய பெருமிதத்தில் வடை அன்றைக்குக் கூடுதல் ருசியாக இருந்ததை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இருபத்து நாலு வயதில் பரோபகாரம் அப்படித்தான் ருசித்தது.

அடுத்த ஆறு சுருளை அக்கா என்னிடம் தரவில்லை, தானே எடுத்துப் போனார். 63 ரூபாயோடு வந்தார். கடைசித் தேதிக்கு முதல் நாள் மாலை, என் அறை வாசலில் நின்று, “அஞ்சு ரூபா குறையுது தம்பி” என்றார்.

பி.காம். படிக்கிற பெண் உள்ளே நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கோ அப்போதும் உறைக்கவில்லை. பையில் கைவிட்டு, ஒரு ஐந்து ரூபாய் நோட்டைக் கர்ணன் தோரணையில் நீட்டி, “திருப்பித் தர வேண்டாம்க்கா” என்றேன். அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரித்த மாதிரியும் இருந்தது. நோட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

இப்போது பரீட்சைக் கட்டணத்தை நடு ராத்திரியில் படுத்துக்கொண்டே போனில் கட்டுகிறார்கள். சர்வர் தொங்கினால்தான் வேர்க்கிறது. பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால், செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிச் சலித்த பிறகும், பெட்டிக்கடைக்காரர் கையை இழுத்துக்கொள்கிறார். ஒரு காலத்தில் இதே ஊர்தான் சில்லறைக்குக் கமிஷன் கொடுத்தது.

கட்டணம் கட்டிய மறுநாள் ராத்திரி, எட்டரை மணிச் சத்தம் அடங்கியதும் அக்கா வந்தார். காலண்டர் தாளில் ஒரு சின்னச் சுருள். உள்ளே இருபது காண்டாமிருகம். “எண்ணிப் பாத்துக்கங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, நான் எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

2011 ஜூன் முடிவோடு நாலணா செல்லாமல் போயிற்று. எனக்கு அந்தக் கவலை இல்லை. அந்த இருபதையும் மறுநாள் காலையிலேயே டீக்கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். ஐந்து ரூபாய்க்கெல்லாம் கமிஷன் கிடையாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.