பெயர்ப் பட்டியலைக் கத்தரித்த பெருமக்களுக்கு ஒரு நன்றி மடல்

பழைய தொலைக்காட்சித் தொடர்களை மறுஒளிபரப்புச் செய்யும் அலைவரிசைகளிலும் செயலிகளிலும் வீற்றிருக்கும் மேலதிகாரிகள் சமூகத்திற்கு,

தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓடும் பெயர்ப் பட்டியலை, அதாவது நடித்தவர் யார், இயக்கியவர் யார் என்று அறிவிக்கும் எழுத்துகளை, விளம்பரத்துக்கு இடம் பிடிக்கும் பொருட்டுத் தாங்கள் கத்தரித்து எறிந்ததால் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு வளர்ந்திருக்கிறது. அந்தப் பேருதவிக்கான நன்றியே இம்மடல். சான்றாக ஒரு வழக்கு கீழே விவரிக்கப்படுகிறது.

டொரன்டோவில் வாழும் பெரியப்பா மகளும் சிங்கப்பூரில் வாழும் சித்தப்பா மகனும் ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமையில் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருந்தனர். கோடையில் இரு நகரங்களுக்கும் 12 மணி நேர இடைவெளி இருப்பதால், அக்காவுக்குக் காலைக் காப்பியும் தம்பிக்கு இரவுச் சாப்பாடும் ஒரே நேரத்தில் நடந்தன. ஆர்.கே. நாராயணின் கதைகளைக் கொண்டு சங்கர் நாக் இயக்கி, 1986இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'மால்குடி டேஸ்' தொடரைப் பற்றிப் பேச்சு திரும்பியபோது, அதில் அப்பாவாக நடித்தவர் அனந்த் நாக் என்று அக்காவும், கிரீஷ் கர்னாட் என்று தம்பியும் அடித்துக் கூறினர். தோற்றவர் அடுத்த குடும்பக் கல்யாணத்தில் ஒரு கிலோ திருநெல்வேலி அல்வா வாங்கித் தர வேண்டும் என்பது பந்தயம்.

அக்காவின் வாதம் வலுவானதாகவே தோன்றியது. "டைட்டில்ல 'நாக்'னு ஓடுனதை நான் கண்ணால பாத்திருக்கேன்டா" என்று அவர் கூற, "அது டைரக்டர் பேரு அக்கா, ரெண்டு பேரும் அண்ணன் தம்பி" என்று தம்பி மடக்கினார். அனந்த் நாக் சங்கர் நாக்கின் அண்ணன் என்பது உண்மையே. ஆனால் அண்ணன் நடிக்கவில்லை என்பதற்கு அது எவ்வகையில் சான்றாகும் என்று அக்கா கேட்டபோது தம்பியிடம் பதில் இல்லை. (எழுதியவர் நாராயண், தொடருக்குக் கோட்டோவியம் வரைந்தவர் அவருடைய தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் என்பதையும் சேர்த்தால், இத்தொடரில் உடன்பிறந்தோர் குழப்பத்துக்குப் பஞ்சமே இல்லை.) குரலை வைத்து முடிவுசெய்யவும் வழியில்லை, ஏனெனில் திரையில் வாயசைப்பவர் ஒருவராகவும் பின்னணியில் பேசுபவர் வேறொருவராகவும் இருக்கக்கூடும்.

ஆகவே இருவரும் தங்களது சேவையை நாடி, ஆளுக்கொரு திரையில் தொடரை ஓட்டினர். முகப்பு இசை தொடங்கியவுடன் அறிமுகத்தைத் தாவிச்செல்லும் பொத்தான் பணிவுடன் தோன்றியது. அதை அவர்கள் மறுத்தும், முடிவில் பெயர்கள் ஓட வேண்டிய இடத்தில் அடுத்த பகுதி பாய்ந்து வந்து நின்றது. மற்றொரு பிரதியில் எழுத்துகள் படத்தின் மூலைக்குள் சுருக்கப்பட்டிருந்ததால், எறும்பின் சாதகத்தைக் கணிப்பவருக்கே அவை புலப்பட்டிருக்கும்.

பெயர்ப் பட்டியல் கைவிட்ட நிலையில் கதை கைகொடுத்தது. அக்காவின் நினைவில் இருந்த அப்பா மிட்டாய்க் கடைக்காரர். அவருடைய மகன் அமெரிக்கா சென்று திரும்பி, கதை எழுதும் இயந்திரம் செய்வதற்கு அவரிடமே முதல் கேட்பவன். தம்பியின் நினைவில் இருந்த அப்பாவோ பள்ளிச் சிறுவன் சுவாமியைக் கண்டிக்கும் கண்டிப்பானவர். முன்னது நாராயண் 1967இல் வெளியிட்ட மிட்டாய்க்காரர் நாவலைச் சேர்ந்தது, பின்னது 1935இல் வந்த அவரது முதல் நாவலைச் சேர்ந்தது. ஒரே ஊர், ஒரே தொடர், இரண்டு வெவ்வேறு கதைகள். மிட்டாய்க்காரர் ஜகனாக நடித்தவர் அனந்த் நாக், சுவாமியின் தந்தையாக நடித்தவர் கிரீஷ் கர்னாட். இருவரும் வென்றதால் அல்வா வாங்க வேண்டியவர் எவரும் இல்லாமல் போயிற்று.

இங்கே தங்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. பல பழைய தொடர்களில் கத்தரி படாத பிரதியிலும் நடிகர்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக ஓடுமே தவிர, யார் எந்த வேடம் என்ற குறிப்பு இராது. ஆகவே முதற்பிழை தங்களுடையது அன்று, அந்தக் காலத்து வழக்கத்தினுடையது. இருந்த அரைகுறைச் சான்றையும் அழித்த சிறப்பு மட்டுமே தங்களைச் சாரும்.

எனவே வேண்டுவன இரண்டு. பெயர்ப் பட்டியலை முழுத்திரையில், வாசிக்கும் வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு பகுதியின் விவரக் குறிப்பிலும் நடிகர் பெயருக்கு எதிரே வேடத்தின் பெயரையும் சேர்க்க வேண்டும். அதுவரை, மேற்படி பந்தயத்தில் தோற்றவர்கள் தாங்களே என்று இரு தரப்பும் ஒருமனதாகத் தீர்மானித்திருப்பதால், ஒரு கிலோ அல்வாவைக் கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்தத்துக்கு முன்பாக அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
பெயர் கத்தரிக்கப்பட்ட பார்வையாளர்கள்