விருந்தாளிச் சிரிப்பு

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் கணவரின் சிக்கனத்தை ஊரே மெச்ச வேண்டும். காலை வீடியோ கூட்டத்தில் புனேக்காரர் வீட்டு நாய் குரைத்தால்கூட, பெயர் சொல்லி நலம் விசாரிக்கிறார். மேலாளரின் பழைய ஜோக்குக்கு, அன்மியூட் செய்துகொண்டு சிரிக்கிறார். கேமரா விளக்கு அணைந்ததும் முகமும் அணைந்துவிடும். "சாப்பிடலாமா?" என்றால் "ம்." "சாம்பார் எப்படி?" என்றால் "ம்ம்." கூடுதலாக வந்த அந்த 'ம்' பாராட்டு.

நியாயம்தானே? ஷோகேஸ் பீங்கான் கோப்பையில் வீட்டு ஆட்கள் காபி குடிப்பதுண்டா? அரசாங்கமே இதைச் சட்டமாக்கலாம்: கட்டிய மனைவியிடம் சிரித்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

நானும் முறைப்படி, சமையலறையிலிருந்து அவருக்கு மீட்டிங் அழைப்பு அனுப்பினேன். பொருள்: இரவுச் சாப்பாடு. சட்டை மாற்றி, தலைவாரி, மலர்ந்த முகத்தோடு சேர்ந்தார். "ஹலோ, குட் ஈவினிங்! எல்லாரும் வந்தாச்சா?"

"நான் மட்டும்தாங்க."

"ஓ..." முகம் அப்படியே உறைந்தது. "நெட்வொர்க் சரியில்ல போலிருக்கு" என்று கேமராவை அணைத்துவிட்டார்.

அவர் இருப்பது பக்கத்து அறை. வைஃபை பெட்டியோ அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது. கையோடு இணையக் கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட்டேன்.